அபார்ட்மென்ட் குப்பையை எடை போட்டுப் பார்ப்பது எப்படி? சுற்றுச்சூழல் புராஜெக்ட் செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குப்பை பிரிப்பு பற்றி புராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் பெரும்பாலும் கேள்வித்தாளோடுதான் கிளம்புகிறார்கள். "உங்கள் வீட்டில் மக்கும் குப்பை, மக்காத குப்பை பிரிக்கிறீர்களா?" என்று வீடு வீடாகக் கேட்டால், கிட்டத்தட்ட எல்லோரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வீட்டில் இரண்டு டப்பா இருக்கிறது, அதனால் பிரிக்கிறோம் என்று உண்மையிலேயே நம்புகிறார்கள். ஆனால் மறுநாள் காலை அந்தப் பச்சை டப்பாவைக் கொட்டிப் பார்த்தால், காய்கறித் தோலுக்கு நடுவே பால் கவரும், பார்சல் டப்பாவும், சில சமயம் டயாப்பரும் கிடக்கும்.

அதனால் கேட்காதீர்கள், எடை போடுங்கள். எங்கள் குடியிருப்பில் நான்கு மாணவர்களோடு சேர்ந்து இதை ஆறு வாரம் செய்தோம். அதில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எங்களுடையது சென்னைப் புறநகரில் ஏ, பி என்று இரண்டு பிளாக், 24 வீடுகள் கொண்ட சாதாரண அபார்ட்மென்ட்.

முதலில் ஒரே ஒரு கேள்வி

"குப்பை பிரிப்பு பற்றிய ஆய்வு" என்பது தலைப்புதான், கேள்வி இல்லை. கேள்வி என்றால் அதற்கு ஒரு எண்ணைப் பதிலாகச் சொல்ல முடிய வேண்டும். நாங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி இது: மக்கும் குப்பை டப்பாவில் தவறாகச் சேரும் பொருள் எவ்வளவு? வீட்டில் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றினால் அது குறைகிறதா?

மக்கும் குப்பை டப்பாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. உரம் ஆகப் போவது அதுதான். அதில் கலந்து வரும் ஒவ்வொரு கவரையும் யாரோ ஒருவர் கையால் பொறுக்கி எடுக்க வேண்டும். மக்காத குப்பையை அளப்பது இதைவிடச் சிக்கலானது. பேப்பரும் அட்டைப்பெட்டியும் மாதம் ஒருமுறை காயலான் கடைக்குப் போய்விடும். சில வீடுகளில் பால் கவரை வேலைக்கு வரும் அம்மா எடுத்துப் போவார். நீல டப்பாவில் கிடப்பது அந்த வீட்டின் மக்காத குப்பையில் ஒரு பகுதி மட்டுமே.

அனுமதி

மூன்று பேரிடம் பேச வேண்டும். அசோசியேஷன் செயலாளரிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகச் சம்மதம் வாங்குங்கள். எங்கள் 24 வீட்டில் இரண்டு வீட்டார் வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டோம். ஒரு பிளாக்குக்கு 11 வீடு என்று 22 வீடுகள் சேர்ந்தன.

மூன்றாவது ஆள் குப்பை எடுக்க வரும் தூய்மைப் பணியாளர். பிள்ளைகள் மறந்துவிடுவது இவரைத்தான். எங்கள் பகுதிக்கு வரும் அக்கா முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "தம்பி, ஏழரைக்கு வண்டி இங்க வரும். அதுக்குள்ள நீங்க முடிச்சு வச்சிருங்க, நான் நின்னா அடுத்த தெரு லேட் ஆயிடும்." அவருடைய அந்த நேரத்தை வைத்துத்தான் எங்கள் வேலை நேரத்தை முடிவு செய்தோம். காலை 6.15-க்கு ஆரம்பித்தோம். ஒரு டப்பாவைப் பிரித்து எழுத 3 முதல் 4 நிமிடம் ஆகும். 22 டப்பாவை இரண்டு பேர் கொண்ட இரண்டு குழு பிரித்துக்கொண்டால் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

வீடுகளில் எவ்வளவு சொல்வது என்பது நுட்பமான விஷயம். நாளை காலை குப்பையைப் பார்க்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் யாரும் கொஞ்சம் ஒழுங்காகத்தான் போடுவார்கள். அதற்காகச் சொல்லாமல் செய்வதும் சரியில்லை. நாங்கள் சொன்னது இது: "ஐந்து வாரத்தில் சில நாட்கள் உங்கள் குப்பையை எடை போட்டு, பிரித்துப் பார்ப்போம். வீட்டு எண் எங்கேயும் வராது." எந்த நாட்கள் என்று சொல்லவில்லை. வீட்டு எண்ணுக்குப் பதில் ஒரு குறியீடு கொடுத்து, எது எந்த வீடு என்ற பட்டியலை ஒருவர் மட்டும் வைத்துக்கொண்டார். குப்பையில் மருந்துச் சீட்டு இருக்கும், வங்கிக் கடிதம் இருக்கும், காலி பாட்டில் இருக்கும். பெயர் தெரியும்படி ஒரு படம்கூட எடுக்கக் கூடாது, பார்த்ததைப் பற்றிப் பேசவும் கூடாது.

சாமான்கள்

பெரிய செலவில்லை. கொக்கியில் மாட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று, சின்னப் பொருட்களுக்குச் சமையலறைத் தராசு ஒன்று, பழைய ஃபிளெக்ஸ் பேனர் இரண்டு, தடிமனான ரப்பர் கையுறை, முகக்கவசம், இடுக்கி, சோப்பு, ஒரே மாதிரியான இரண்டு பிளாஸ்டிக் பக்கெட். அவ்வளவுதான்.

தராசைத் தினமும் சோதியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. காலி பாட்டிலை முதலில் எடை போட்டு, அளந்து ஒரு லிட்டர் ஊற்றி மறுபடி எடை போட்டால் வித்தியாசம் 1,000 கிராமை ஒட்டி வர வேண்டும். பேட்டரி இறங்கும்போது எங்கள் கொக்கித் தராசு ஒரு நாள் 940 காட்டியது. அந்தச் சோதனை இல்லாவிட்டால் அன்றைய கணக்கு முழுக்கத் தவறாகப் போயிருக்கும்.

சுருட்டிக் கட்டிய நாப்கின் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம். அப்படியே எடை போட்டு எழுதுங்கள். ஊசி, உடைந்த கண்ணாடி எதையும் கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்துத் தனியே வையுங்கள்.

எது தவறு? முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக் குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயகரமான குப்பை என மூன்றாகப் பிரிக்கச் சொன்னன. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று அறிவிக்கப்பட்ட புதிய விதிகளில் இது நான்கு: ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு. நாப்கினும் டயாப்பரும் சுகாதாரக் கழிவில் வரும். பல்பு, காலாவதியான மருந்து, பெயின்ட் டப்பா போன்றவை கடைசி வகையில் வரும். இந்த நான்கையே உங்கள் தாளில் நான்கு கட்டங்களாகப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் தரையில் கொட்டிப் பிரிக்க ஆரம்பித்தால் விதிப் புத்தகம் பதில் சொல்லாத கேள்விகள் வரிசையாக வரும். தேங்காய் ஓடு மக்குமா? மக்கும், ஆனால் மற்றதைவிடப் பல மடங்கு காலம் எடுக்கும். வீடு பெருக்கிய தூசியும் தலைமுடியும் எந்தப் பக்கம்? காகிதக் கப் பார்க்கக் காகிதம்தான், ஆனால் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். டிபன் பார்சல் கட்டும் தாளிலும் அதே பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். குழம்பு மிச்சத்தோடு மூடிப் போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் குழம்பின் எடையை எதில் சேர்ப்பது?

இதில் எந்த முடிவு எடுக்கிறீர்கள் என்பதைவிட, எல்லா நாளும் எல்லோரும் அதே முடிவை எடுக்கிறீர்களா என்பதுதான் முக்கியம். நாங்கள் தேங்காய் ஓடு சரி, காகிதக் கப் தவறு, தூசி தவறு, குழம்பு டப்பா அப்படியே முழு எடையும் தவறு என்று ஒரு தாளில் எழுதி பேனருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினோம். அப்புறம் ஒரு சோதனை. ஒரே டப்பாவை ஒரு குழு பிரித்து எடை எழுதியது. மறுபடி கலந்து, அந்த எண்ணைக் காட்டாமல் அடுத்த குழுவிடம் கொடுத்தோம். முதல் குழுவுக்குத் தவறான பொருள் 210 கிராம், இரண்டாவது குழுவுக்கு 340 கிராம். கவரில் ஒட்டியிருந்த சாதத்தை ஒரு குழு உதறி எடுத்திருக்கிறது, இன்னொரு குழு உதறவில்லை. "கவரை மூன்று முறை உதறு, அதற்கு மேல் வேண்டாம்" என்று தாளில் ஒரு வரி சேர்த்தோம். அடுத்த சோதனையில் வித்தியாசம் 20 கிராமுக்குள் வந்துவிட்டது. இந்தச் சோதனை செய்யாமல் அளவீட்டை ஆரம்பிக்கவே கூடாது என்பேன்.

எட்டு நாள் எடுங்கள், ஏழு நாளைக் கணக்கில் வையுங்கள்

முதல் நாள் டப்பாவில் முந்தைய நாட்களின் குப்பையும் சேர்ந்திருக்கலாம். அதனால் எட்டு நாள் எடுத்து முதல் நாளை விட்டுவிடுங்கள். ஐ.நா.வின் வாழ்விட அமைப்பு நகரக் குப்பையை அளக்க வகுத்திருக்கும் முறையிலும் இப்படித்தான் செய்கிறார்கள். முழு வாரம் எதற்கு என்றால், ஞாயிற்றுக்கிழமைக் குப்பைக்கும் செவ்வாய்க்கிழமைக் குப்பைக்கும் ஒட்டே இருக்காது. கறி, மீன் எடுக்கும் நாளில் எடை ஏறும். அமாவாசையில் வாழை இலை வரும். பொங்கல், ஆயுத பூஜை வாரங்களைத் தொடவே வேண்டாம். கரும்புச் சக்கையும் உடைத்த பூசணியும் உங்கள் சதவீதத்தைக் குலைத்துவிடும்: தவறான பொருள் அதே அளவில் இருந்தாலும், மக்கும் குப்பையின் எடை கூடியதால் கலப்பு குறைந்தது போலத் தெரியும்.

தினமும் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று எண்கள் எழுதுங்கள்: பக்கெட் எடையைக் கழித்த மொத்த எடை, தவறான பொருட்களின் எடை, பிளாஸ்டிக் கவர்களின் எண்ணிக்கை. மூன்றாவது எண் எதற்கு என்று அப்போது எங்களுக்கே சரியாகத் தெரியாது. ஒரு மாணவி பிடிவாதமாக எண்ணச் சொன்னாள். கடைசியில் எங்கள் புராஜெக்ட்டைக் காப்பாற்றியது அதுதான்.

சதவீதம் போடும்போது ஒரு பொறி

கலப்பு விகிதம் என்பது தவறான எடையை மொத்த எடையால் வகுத்து நூறால் பெருக்குவது. இதில் என்ன சிக்கல் என்று தோன்றும். இரண்டு வீட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் மொத்தம் 200 கிராம், அதில் தவறு 100 கிராம், அதாவது 50 சதவீதம். இன்னொரு வீட்டில் மொத்தம் 2,000 கிராம், தவறு அதே 100 கிராம், அதாவது 5 சதவீதம். இரண்டு சதவீதத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 27.5 வரும். எடைகளைக் கூட்டிவிட்டு வகுத்தால், 2,200-ல் 200, அதாவது 9.1 சதவீதம். உரக்கிடங்குக்குப் போய்ச் சேரும் குப்பையைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்றால் இரண்டாவதுதான் சரி. டி பத்தியில் மொத்த எடை, ஈ பத்தியில் தவறான எடை இருந்தால், 11 வீடு, 7 நாளுக்கான 77 வரிகளுக்குச் சூத்திரம் இப்படி வரும்:

```
=SUM(E2:E78)/SUM(D2:D78)*100
```

ஒரு பிளாக்கில் மட்டும் மாற்றம்

முதல் வாரத்துக் குப்பையைப் பிரித்தபோதே ஒன்று கண்ணில் பட்டது. கவர்கள் குப்பையாக வந்து சேரவில்லை. டப்பாவுக்குள் விரித்த கவரோடு சேர்த்து முடிச்சுப் போட்டு அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். டப்பா கழுவும் வேலையை மிச்சப்படுத்த விரித்த கவர்தான் எண்ணிய கவர்களில் பெரும்பங்கு. ஆகவே "பிரித்துப் போடுங்கள்" என்று நோட்டீஸ் ஒட்டிப் பயனில்லை, கவர் செய்யும் வேலையை வேறொன்று செய்ய வேண்டும். பெங்களூரில் இரண்டு டப்பா, ஒரு பை என்று ஒரு முறை பல வருடமாக இருக்கிறது. அதில் ஈரக் குப்பை டப்பாவில் கவருக்குப் பதில் செய்தித்தாள்தான் விரிப்பார்கள். அதையே எடுத்துக்கொண்டோம்.

ஏ பிளாக் 11 வீட்டுக்கும் நேரில் போய், பழைய செய்தித்தாளை மடித்து டப்பாவுக்குள் நிற்கிற மாதிரி வைப்பதைச் செய்து காட்டினோம். ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிடம். பி பிளாக்கில் எதுவும் சொல்லவில்லை. ஒரு வாரம் இடைவெளி விட்டோம், ஏனென்றால் புதிதாகக் கற்றதை முதல் நான்கு நாள் எல்லோரும் செய்வார்கள். அதன்பின் மறுபடி எட்டு நாள் அளந்தோம்.

பி பிளாக் எதற்கு? மாற்றமே சொல்லாத இடத்திலும் எண் குறையலாம். நாங்கள் தினமும் வந்து பிரிப்பதைப் பார்த்தாலே சிலர் கவனமாகிவிடுவார்கள். அந்தத் தானாகக் குறையும் பங்கைக் கழிக்க பி பிளாக் வேண்டும். தெருவில் செய்கிறவர்கள் இடது பக்கம், வலது பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்களுக்கு வந்த எண்கள்

முதல் அளவீட்டில் ஏ பிளாக் மொத்தம் 57.2 கிலோ, தவறு 6.3 கிலோ, அதாவது 11.0 சதவீதம். பி பிளாக் 54.8 கிலோவில் 5.9 கிலோ, 10.8 சதவீதம். இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் ஆரம்பித்தன. இரண்டாவது அளவீட்டில் ஏ பிளாக் 55.0 கிலோவில் 2.2 கிலோ, 4.0 சதவீதம். பி பிளாக் 56.0 கிலோவில் 5.0 கிலோ, 8.9 சதவீதம். ஏ-யில் 7.0 சதவீதப் புள்ளி குறைவு, பி-யில் 1.9 புள்ளி குறைவு. செய்தித்தாளால் வந்த பலன் 5.1 புள்ளி என்று பிள்ளைகள் சந்தோஷமாக எழுதிவிட்டார்கள்.

வீடு வாரியாக ஒருமுறை பாருங்கள் என்றேன். ஏ பிளாக்கில் ஒரு வீட்டில் முதல் வாரம் மக்கும் டப்பாவில் 21 டயாப்பர் வந்திருந்தது. மொத்தம் 3.1 கிலோ. பிளாக்கின் தவறான எடையில் பாதி அந்த ஒரே வீட்டிலிருந்து! நேரில் போனபோது அதைத் தனியாகச் சுருட்டிக் கொடுக்கச் சொன்னோம், அவர்களும் செய்தார்கள். அந்த வீட்டை ஒதுக்கிவிட்டு மீதி 10 வீட்டுக்குக் கணக்குப் போட்டால், முதலில் 49.0 கிலோவில் 3.1 கிலோ, 6.3 சதவீதம். பிறகு 50.0 கிலோவில் 2.0 கிலோ, 4.0 சதவீதம். குறைவு 2.3 புள்ளிதான். எதுவுமே சொல்லாத பி பிளாக்கிலேயே 1.9 குறைந்திருக்கிறதே! எடையை மட்டும் பார்த்தால் செய்தித்தாளால் பெரிய பலன் எதுவும் தெரியவில்லை.

இங்கேதான் கவர் எண்ணிக்கை வந்தது. ஏ பிளாக்கில் முதல் வாரம் 94 கவர், பிறகு 31. பி பிளாக்கில் 88, பிறகு 80. கழுவிக் காயவைத்த அரை லிட்டர் பால் கவர் பத்தை எடை போட்டால் 30 கிராம் அளவுதான் வரும். அறுபது கவர் குறைந்தாலும் 50 கிலோ குப்பையில் அது தெரியவே தெரியாது. ஆனால் கவரைப் பொறுக்கும் அக்காவுக்கு அறுபது முறை குனிந்து எடுக்கும் வேலை குறைகிறது. உரத்தைச் சல்லடையில் சலிக்கும்போது பிளாஸ்டிக் துண்டு குறைகிறது.

ஆகவே அறிக்கையில் இரண்டையும் எழுதினோம்: செய்தித்தாள் விரிப்பு கவர்களைத் தெளிவாகக் குறைத்தது, எடைக் கலப்பில் வந்த குறைவு பெரும்பாலும் ஒரு வீட்டின் மாற்றம். அந்த வீட்டைச் சேர்த்த கணக்கு, சேர்க்காத கணக்கு இரண்டையும் அட்டவணையில் வைத்தோம். ஒன்றை மட்டும் காட்டுவது நேர்மையாகாது. பள்ளிக்குக் கொடுத்த அறிக்கையில் டயாப்பர் என்று இருந்தது. அபார்ட்மென்ட்டில் ஒட்டிய தாளில் "ஒரு வீடு" என்று மட்டும் போட்டோம், ஏனென்றால் கைக்குழந்தை யார் வீட்டில் இருக்கிறது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

இதன் வரம்பையும் எழுத வேண்டும். இது 22 வீடு, ஒரு கட்டடம், மழையில்லாத இரண்டு வாரம். மூன்று மாதம் கழித்துப் பழக்கம் நிற்குமா என்று இது சொல்லாது. செய்தித்தாளே வாங்காத வீடுகளுக்கு நாங்கள் ஒரு கட்டுக் கொடுத்தோம், அது தீர்ந்த பிறகு என்ன ஆகும் என்பது தனிக் கேள்வி.

தெருவில் செய்வதாக இருந்தால்

கடைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு டீக்கடையின் காகிதக் கப் பத்து வீட்டின் எண்ணை மறைத்துவிடும். இரவிலேயே டப்பாவை வாசலில் வைக்கும் வீடுகளில் நாயும் மாடும் கிளறிவிடும், அதனால் காலையில் வாசலிலேயே கையில் வாங்கிக்கொள்ளுங்கள். டப்பா வாங்கும்போதே குறியீடு எழுதிய சீட்டைக் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பேனர் வரை வருவதற்குள் மாறிவிடும்.

ஆள் குறைவாக இருந்தால், இதே அமைப்பில் எடைக்குப் பதில் நேரத்தை அளக்கலாம். ஒரு டப்பாவிலிருந்து தவறான பொருளை முழுக்கப் பொறுக்கி எடுக்க எத்தனை விநாடி ஆகிறது என்று செல்போனில் பார்த்து எழுதுங்கள். இரண்டு பேர் போதும். கவர் குறைந்தால் நேரமும் குறைய வேண்டும், எடையைவிட இது அந்த வேலையின் பாரத்தை நேராகக் காட்டும் என்பது என் எண்ணம். நாங்கள் அதைக் கடைசி இரண்டு நாள்தான் செய்தோம். அடுத்த முறை முதல் நாளிலிருந்தே செய்வோம்.

அளவீடு முடிந்த மறுநாள் பி பிளாக்குக்கும் போய்ச் செய்தித்தாள் மடிப்பைக் காட்டிவிட்டு வந்தோம். ஒப்பிடுவதற்காக அவர்களைக் காக்க வைத்திருந்தோம், அதற்கு மேல் காக்க வைக்க வேண்டியதில்லை. முடிவுத் தாளின் ஒரு பிரதியை அக்காவிடம் கொடுத்தோம். வாங்கிப் பார்த்தவர் கவர் எண்ணிக்கை இருந்த வரியில் விரலை வைத்து, "இது எனக்கு முன்னாடியே தெரியும் தம்பி. ரெண்டு வாரமா அந்தப் பக்கம் சீக்கிரம் முடியுது" என்றார்.